மூன்று சகோதரர்களின் கதையும் முஃதஸிலா, அஷ்அரி, மாத்துரீதி கேள்வியும்

"ஷரஹுல் அகாயித் என்ற இஸ்லாமியக் கொள்கை விளக்க நூலை ஓதிக்கொண்டிருக்கும் மாணவன். முஃதஸிலாக்கள் அறிவை முன்னால் வைத்தார்கள், அஷ்அரிகள் இறைச்செய்தியான வஹீயை முன்னால் வைத்தார்கள், மாத்துரீதிகள் நடுவில் நின்றார்கள் என்று பாடத்தில் சொன்னார்கள். ஆனால் மூன்று பேருமே அறிவைக் கொண்டுதானே வாதம் செய்கிறார்கள்? உண்மையில் எதில்தான் வேறுபடுகிறார்கள்?"

தம்பி, உங்களுக்குச் சொன்ன அந்த ஒரு வரி முதல் ஆண்டில் நினைவில் வைத்துக்கொள்ள உதவும். கிதாபைத் திறந்து வரி வரியாகப் போகத் தொடங்கியதும் அது காலை வாரிவிடும். இருபது வருடங்களுக்கு மேல் இந்தப் பாடத்தை ஓதிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மாணவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இவை இஸ்லாமியக் கொள்கை இயலின் மூன்று சிந்தனைப் பள்ளிகள். அல்லாஹ் இருக்கிறான் என்பதற்கு மூன்று தரப்பும் அறிவை வைத்தே ஆதாரம் காட்டுகின்றன. வஹீயை மூன்று தரப்பும் ஏற்கின்றன. அவர்களுக்குள் இருக்கும் கேள்வி வேறு. ஒரு செயல் நல்லது அல்லது கெட்டது என்று அறிவு தானாகக் கண்டுபிடிக்கும் அளவுகோல் ஒன்று உண்டா? உண்டென்றால் அந்த அளவுகோல் அல்லாஹ்வின் செயலுக்கும் பொருந்துமா? இதைப் பிடித்துக்கொண்டால் மீதியில் பாதி தானாக விளங்கும்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. முஃதஸிலாக்களைத் தமிழில் 'பகுத்தறிவுவாதிகள்' என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கடவுள் மறுப்பு மேடைதான் கண்ணில் வரும். முஃதஸிலாக்கள் அதற்கு நேர் எதிர். பெரும்பாவம் செய்து தவ்பா இல்லாமல் இறந்தவன் நரகத்தில் நிரந்தரமாக இருப்பான் என்று சொன்ன கண்டிப்பானவர்கள் அவர்கள். தங்களை அவர்கள் அழைத்துக்கொண்ட பெயர் 'அஹ்லுல் அத்லி வத்தவ்ஹீத்', அதாவது நீதியையும் ஏகத்துவத்தையும் உடையவர்கள். அந்த 'நீதி'யில்தான் நம் விஷயம் இருக்கிறது. அல்லாஹ் நீதியாளன் என்றால், நீதி என்பதற்கு நமக்குத் தெரிந்த பொருள் அங்கேயும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்கே அர்த்தமில்லை என்பது அவர்கள் நிலை.

உங்கள் கிதாபின் தொடக்கத்திலேயே விளக்கவுரை எழுதிய தஃப்தாஸானி ஒரு கதை சொல்கிறார், ஓதியிருப்பீர்கள். அபுல் ஹஸன் அல்அஷ்அரி தன் முஃதஸிலா ஆசிரியர் அபூ அலீ அல்ஜுப்பாயீயிடம் கேட்கிறார்: மூன்று சகோதரர்கள். ஒருவன் வழிபட்டவனாக இறந்தான், ஒருவன் மாறு செய்தவனாக இறந்தான், ஒருவன் சிறு குழந்தையாகவே இறந்துவிட்டான். இவர்கள் கதி என்ன? ஜுப்பாயீ சொல்கிறார்: முதலாமவனுக்குச் சொர்க்கம், இரண்டாமவனுக்கு நரகம், மூன்றாமவனுக்கு நற்கூலியும் இல்லை, தண்டனையும் இல்லை. அஷ்அரி விடவில்லை. அந்தக் குழந்தை, "இறைவா, என்னையும் வளரவிட்டிருந்தால் உன்னை நம்பி வழிபட்டுச் சொர்க்கம் போயிருப்பேனே" என்று கேட்டால்? "நீ வளர்ந்தால் மாறு செய்து நரகம் போவாய் என்று எனக்குத் தெரியும், சிறுவயதில் இறப்பதே உனக்கு மிக நல்லது" என்று இறைவன் சொல்வான் என்கிறார் ஜுப்பாயீ. சரி, அப்போது நரகத்திலிருக்கும் இரண்டாமவன், "என்னையும் ஏன் சிறுவயதில் மரணிக்கச் செய்யவில்லை?" என்று கேட்டால்? ஜுப்பாயீ வாயடைத்துப் போனார். அஷ்அரி அவரை விட்டு விலகினார்.

அருமையான கதை. அடியார்க்கு 'மிகச் சிறந்ததை' (அல்அஸ்லஹ்) செய்வது அல்லாஹ் மீது கடமை என்ற முஃதஸிலாக் கொள்கையை இரண்டே கேள்வியில் மடக்கிவிடுகிறது. ஆனால் இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அஷ்அரி பஸராவில் ஜுப்பாயீயிடம் படித்ததும், ஏறக்குறைய நாற்பது வயதில் முஃதஸிலாக் கொள்கையைக் கைவிட்டதும் உறுதியான செய்தி. இந்த உரையாடல்தான் அதற்குக் காரணம் என்பது அப்படி உறுதியானதல்ல. இமாம் கஸ்ஸாலி இதே மூன்று பேர் வாதத்தை எழுதும்போது அதை அஷ்அரிக்கும் ஜுப்பாயீக்கும் நடந்த சம்பவமாகச் சொல்லவில்லை. வாதமாக மட்டும் வைக்கிறார். பிற்காலத்து நூல்களில் அதே வாதம் ஆட்களோடும் வசனங்களோடும் வருகிறது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் இதைக் கற்பித்த உரையாடலாகவே பார்க்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம் கொள்கையிலிருந்தே வருகிறது, இதை வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. முஃதஸிலாக்கள் ஒரே குரலில் பேசியவர்கள் அல்லர். பக்தாத் பிரிவு, பஸரா பிரிவு என்று இரண்டு உண்டு. இம்மை மறுமை இரண்டிலும் மிகச் சிறந்ததைச் செய்வது அல்லாஹ்வுக்குக் கடமை என்று பரவலாகச் சொன்னது பக்தாத் பிரிவு. பஸரா பிரிவு அதை மார்க்க விஷயத்தோடு குறுக்கியது. ஜுப்பாயீ பஸராக்காரர். அந்தப் பிரிவின் கணக்குப்படி, ஒருவனுக்கு வாழ்வைக் கொடுத்து, கடமைகளைச் சுமத்தி, நற்கூலி பெறும் வாய்ப்பைத் திறந்துவிடுவதே அல்லாஹ்வின் உபகாரம்தான். யாருக்கும் அவன் பட்ட கடனல்ல. கடமை சுமத்திய பிறகுதான் அதைச் செய்யும் சக்தியைத் தருவதும், தடைகளை நீக்குவதும், உதவி செய்வதும் அவசியமாகின்றன. இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். குழந்தை கேட்டால், "உனக்கு நீண்ட ஆயுள் தருவது என் மீது கடனல்ல" என்பது பதில். நரகவாசி கேட்டால், "உனக்கும் மற்றவனுக்குக் கொடுத்த அதே வாய்ப்பைக் கொடுத்தேன், கெடுத்துக்கொண்டது நீ" என்பது பதில். இது திருப்தியான பதிலா என்று வாதிடலாம். கெடுப்பான் என்று தெரிந்தே ஒருவனுக்கு வாய்ப்புக் கொடுப்பது உபகாரமா என்று நான் இன்றும் யோசிக்கிறேன். ஆனால் வாயடைத்து நிற்க வேண்டிய இடம் அல்ல அது.

அடுத்து, 'நல்லது', 'கெட்டது' என்ற சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஃபக்ருத்தீன் ராஸீ காலத்திலிருந்து அஷ்அரிகள் இதைத் தெளிவாகவே பிரித்தார்கள். ஒரு பொருளில் 'நல்லது' என்றால் நிறைவு. அறிவுடைமை நல்லது, அறியாமை கெட்டது. இன்னொரு பொருளில் நமக்கு ஒத்துவருவது. ஒரு அரசன் கொல்லப்பட்டால் அவன் எதிரிகளுக்கு நல்லது, வேண்டியவர்களுக்குக் கெட்டது. இந்த இரண்டையும் அறிவே கண்டுகொள்ளும், இதில் யாருக்கும் சண்டை இல்லை. மூன்றாவது பொருளில்தான் சண்டை: செய்தவன் அல்லாஹ்விடம் நற்கூலிக்கோ தண்டனைக்கோ உரியவன் ஆகிறானா? இதை வஹீ வருவதற்கு முன்பே அறிவு சொல்லுமா? பரீட்சையில், "அஷ்அரிகள் அறிவால் எதையும் நல்லது கெட்டது என்று அறிய முடியாது என்றார்கள்" என்று எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவினையைத் தவறவிட்டவர்கள்.

முஃதஸிலாத் தரப்பை அதன் வலுவான வடிவில் பார்க்க வேண்டுமானால் ஹிஜ்ரி 415-இல் (1025) இறந்த காழி அப்துல் ஜப்பாரிடம் போக வேண்டும். அவர் வாதத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒருவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். உண்மை சொன்னாலும் ஆகும், பொய் சொன்னாலும் ஆகும், இரண்டிலும் லாபமும் சிரமமும் சமம். அவன் உண்மையைத்தான் சொல்வான். மார்க்கமே எட்டாதவனும் அப்படித்தான் செய்வான். ஏன்? பொய்யில் ஏதோ ஒரு கெட்ட தன்மை இருப்பதை அறிவு காண்கிறது. அநியாயம் அநியாயமாக இருப்பதால் கெட்டது, தடை வந்ததால் கெட்டதாகவில்லை. அப்புறம் அவர் அடுத்த அடி வைக்கிறார்: கெட்டதைச் செய்ய ஒருவனுக்குத் தேவை இருக்க வேண்டும், அல்லது அது கெட்டது என்று தெரியாமல் இருக்க வேண்டும். அல்லாஹ்வுக்குத் தேவையும் இல்லை, அறியாமையும் இல்லை. ஆகவே அவன் கெட்டதைச் செய்வதே இல்லை.

இதற்கு அஷ்அரிகள் தரும் பதிலில் எனக்கு மிகவும் பிடித்தது கஸ்ஸாலியுடையது. பாம்பு கடித்தவன் வண்ணக் கயிற்றைக் கண்டாலும் துள்ளி விலகுவான் என்கிறார் அவர். கயிற்றில் விஷம் இருப்பதாலா? பாம்போடு அந்த நிறத்தையும் உருவத்தையும் சேர்த்தே மனம் பதிந்துகொண்டதால். பொய் பெரும்பாலும் தீங்கோடும் பழிச்சொல்லோடும் சேர்ந்தே வருவதைச் சிறுவயது முதல் பார்த்துப் பழகிய மனம், தீங்கே இல்லாத பொய்யைக் கண்டாலும் சுளிக்கிறது. அந்தச் சுளிப்பை நாம் அறிவின் தீர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். இது ஒழுக்கத்தை மறுப்பதல்ல. 'என் மனசாட்சி சொல்கிறது' என்பதை அல்லாஹ் மீது சட்டமாக்காதே என்பதுதான் அவர் சொல்வது. அஷ்அரியின் பார்வையில் கெட்டது என்றால் எல்லை மீறல். எல்லை போட மேலே ஒருவன் இருந்தால்தான் மீறலே உண்டு. அல்லாஹ்வுக்கு மேலே எல்லை போட யாரும் இல்லை. ஆகவே மூன்று சகோதரர்களின் கேள்விக்கு அஷ்அரி வைத்த பதில், அந்தக் கேள்வியைக் கேட்க அடியானுக்கு உரிமை இல்லை என்பதுதான்.

ஆனால் இந்த நிலையும் சும்மா கிடைக்கவில்லை. முஃதஸிலாக்களின் பலமான அடி இங்கேதான் விழுகிறது. அல்லாஹ் செய்தால் எதுவும் கெட்டதாகாது என்றால், ஒரு பொய்யனின் கையில் அவன் முஃஜிஸாவை, அதாவது நபி என்பதற்கு அத்தாட்சியான அற்புதத்தை, வெளிப்படுத்தலாமே? அப்போது எந்த நபியை நம்புவது? நபி போனால் வஹீ போயிற்று, வஹீயால் மட்டுமே நன்மை தீமை தெரியும் என்ற உங்கள் கட்டடமும் போயிற்று. அஷ்அரிகள் இதற்கு இரண்டு பக்கமிருந்து பதில் சொன்னார்கள். ஒன்று, அல்லாஹ்வின் பேச்சு அவன் அறிவோடு ஒத்த அநாதியான பண்பு, அதில் பொய் இருக்கவே முடியாது. இரண்டு, முஃஜிஸா உண்மையைக் காட்டுவது அல்லாஹ் நடத்தி வரும் வழக்கத்தின் (ஆதத்) அடிப்படையில். நீங்கள் வீட்டில் இல்லாதபோது ஊருக்குப் பக்கத்து மலை பொன்னாக மாறியிருப்பது அறிவுக்கு அசாத்தியம் அல்ல. ஆனாலும் அது மாறவில்லை என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதுபோன்ற உறுதி இது. நல்ல பதில்தான். ஆனால் அஷ்அரிகள் இந்த உறுதியை 'நீதி'யிலிருந்து எடுக்காமல் 'வழக்க'த்திலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கொடுத்த விலை அது.

இப்போது ஸமர்கந்துக்கு வருவோம். அபூ மன்ஸூர் அல்மாத்துரீதி ஹிஜ்ரி 333-இல் (944) இறந்தார், அஷ்அரி 324-இல் (936). சமகாலத்தவர்கள், ஆனால் மாத்துரீதி அஷ்அரிக்குப் பதில் சொல்லவோ அவரைத் திருத்தவோ எழுதவில்லை. அவர் முன்னால் நின்ற முக்கிய எதிரி பக்தாத் பிரிவு முஃதஸிலாவான பல்கைச் சேர்ந்த கஃபீ. பின்னால் நின்றது அபூ ஹனீஃபாவின் மரபு. 'இரண்டுக்கும் நடுவில் நின்றார்' என்ற படம் பொருந்தாததற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம், நன்மை தீமை விஷயத்தில் அவர் நடுவில் இல்லை, முஃதஸிலாப் பக்கம் நெருங்கி நிற்கிறார். அநியாயம் கெட்டது, நன்றி செலுத்துவது நல்லது என்பதை அறிவே கண்டுகொள்ளும் என்கிறார். ஆனால் செயல்களை யார் படைக்கிறார் என்ற கேள்வியில் அஷ்அரிப் பக்கம் நிற்கிறார். சாமான் வைத்த தராசு மாதிரி நடுவில் ஒரு முள் இல்லை, கேள்விக்குக் கேள்வி இடம் மாறுகிறது.

அப்படியென்றால் அவர் ஏன் முஃதஸிலா ஆகவில்லை? அறிவு அவர்களிடம் கட்டளையிடுகிறது, இவரிடம் கண்டுபிடிக்கிறது. கடமையாக்குகிறவன் அல்லாஹ்தான், அறிவு அதைத் தெரிந்துகொள்ளும் கருவி. அதனால் அல்லாஹ் மீது எதுவும் கடமை என்ற பேச்சே இங்கே எழாது. அதற்குப் பதிலாக மாத்துரீதிகள் ஹிக்மத்தை, அதாவது ஞானத்தை, முன்னே கொண்டுவருகிறார்கள். அல்லாஹ் ஹகீம், வீணும் மடமையும் அவனிடமிருந்து வராது. யாரும் அவனைக் கட்டுப்படுத்துவதால் அல்ல, அவன் அப்படிப்பட்டவன் என்பதால். மூன்று சகோதரர்களை மாத்துரீதியிடம் கொண்டுபோனால் பதில் இப்படி வரும்: சிறந்ததைச் செய்வது அவன் கடனல்ல, ஆனால் குழந்தையை எடுத்ததிலும் மற்றவனை விட்டுவைத்ததிலும் ஞானம் உண்டு, அது என்னவென்று நமக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

அஷ்அரியும் கடைசியில் இதைத்தானே சொல்கிறார், வெறும் வார்த்தை வித்தியாசம்தானே என்று கேட்பீர்கள். தாஜுத்தீன் ஸுப்கீ இரு தரப்பு வேறுபாடுகளை பதிமூன்றாக எண்ணி, அதில் பாதிக்கு மேல் சொல் வேறுபாடே என்றார். ஆனால் எல்லாமே அப்படியல்ல. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: காஃபிரை மன்னித்துவிட்டு, மூமினை நிரந்தரமாக நரகில் வைப்பது அறிவளவில் சாத்தியமா? அஷ்அரிகள் சாத்தியம் என்பார்கள். அது நடக்காது என்று நமக்குத் தெரிவது வஹீ சொன்னதால். மாத்துரீதிகள் அறிவளவிலேயே சாத்தியமில்லை என்பார்கள். நன்மை செய்தவனையும் தீமை செய்தவனையும் ஒன்றாக்குவது ஞானத்துக்கு ஒவ்வாது. சக்திக்கு மீறியதைக் கடமையாக்கலாமா என்ற கேள்வியிலும் இதே பிளவுதான். நடக்கப் போவதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அது ஏன் என்பதில் உண்மையான வேறுபாடு உண்டு.

நடைமுறையில் இது தெரியும் இடம், மலை உச்சியில் வளர்ந்தவன் மஸ்அலா. எந்த நபியின் அழைப்பும் எட்டாமல் ஒருவன் வளர்ந்து, வயதுக்கு வந்து, இறக்கிறான். அவன் படைத்தவனை அறிந்திருக்க வேண்டுமா? முஃதஸிலா: ஆம், அறிவே கடமையாக்கிவிட்டது. அஷ்அரி: இல்லை, "தூதரை அனுப்பாத வரை நாம் வேதனை செய்வதில்லை" (17:15) என்று அல்லாஹ்வே சொல்லிவிட்டான். மாத்துரீதி: தொழுகை, நோன்புக்கு அவன் பொறுப்பல்ல, ஆனால் படைத்தவனை அறிவதற்குப் பொறுப்பு. வானத்தையும் பூமியையும் பார்த்த பிறகு படைத்தவனை அறியாமல் இருக்க யாருக்கும் சாக்கு இல்லை என்று அபூ ஹனீஃபாவிடமிருந்து வரும் சொல்லை ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த ஆயத்தை இவ்வுலக அழிவைப் பற்றியது என்று விளக்குவார்கள். ஆனால் இங்கே மாத்துரீதி என்று பொதுவாக எழுதினால் தவறு. இது ஸமர்கந்து அறிஞர்களின் நிலை. புகாரா ஹனஃபிகள் பலர் அஷ்அரிகளைப் போலவே அவன் பொறுப்பல்ல என்றார்கள்.

மனிதச் செயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனியாகவே ஒரு பதில் கேட்கும். முஃதஸிலாவிடம் மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்குகிறான், அதனால்தான் தண்டனை நீதியாகிறது. மற்ற இருவரிடமும் படைப்பவன் அல்லாஹ், மனிதனுடையது கஸ்பு, அதாவது சம்பாதிப்பு. அஷ்அரியிடம் மனிதனின் சக்தி அந்தச் செயலோடு அந்தக் கணத்தில் படைக்கப்படுவது, அந்த ஒரு செயலுக்கு மட்டுமே உரியது. ஹனஃபி மரபில் அதே சக்தி எதிர்ச் செயலுக்கும் பொருந்தும், ஆகவே தேர்வுக்குக் கொஞ்சம் அதிக இடம் இருக்கிறது. 'கஸ்பு' என்ற சொல் இரண்டு பக்கமும் இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள்.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். முஃதஸிலாக்களின் முதல் தலைமுறையைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர்களை எதிர்த்தவர்களும் பிற்காலத்தவர்களும் எழுதிவைத்தது. அவர்களில் முதல்வரான வாஸில், ஹஸன் பஸரீயின் சபையிலிருந்து விலகியதால்தான் முஃதஸிலா என்ற பெயர் வந்தது என்ற செய்தியும் அப்படித்தான், பல வடிவங்களில் வருகிறது. அப்துல் ஜப்பாரின் பெரிய நூலான முஃக்னீயின் பகுதிகள் 1950-களில் யமனில் கிடைத்த பிறகுதான் அவர்கள் பக்கத்தை அவர்கள் வாயாலேயே விரிவாகக் கேட்க முடிந்தது. மாத்துரீதியின் கிதாபுத் தவ்ஹீத் கேம்பிரிட்ஜில் இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியை வைத்து 1970-இல் பெய்ரூத்தில் அச்சாயிற்று. அதன் அரபு நடை கரடுமுரடானது, சில வாக்கியங்களை நான் பத்து முறை படித்தும் ஒரே பொருளில் நிற்க முடியவில்லை. மத்ரஸாவில் நாம் மாத்துரீதி என்று ஓதுவது பெரும்பாலும் அவருக்குப் பின் வந்த அபுல் முஈன் நஸஃபி ஒழுங்குபடுத்திய வடிவம். நான் ஃபத்வா கொடுக்கிறவனும் அல்ல. யார் சரி என்பதை நீங்கள் உங்கள் உஸ்தாதிடம் கேட்டுக்கொள்ளுங்கள், யார் என்ன சொன்னார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, உங்கள் கையிலிருக்கும் கிதாபையே ஒரு முறை சந்தேகத்தோடு பாருங்கள். மூலம் எழுதிய உமர் நஸஃபி மாத்துரீதி. விளக்கம் எழுதிய தஃப்தாஸானி பல இடங்களில் அஷ்அரிப் பக்கம் சாய்கிறார். 'தக்வீன்', அதாவது உண்டாக்குதல், தனியான அநாதிப் பண்பு என்று மூலம் சொல்லும் இடத்துக்கு வரும்போது விளக்கத்தை மெதுவாக ஓதுங்கள். மூலத்துக்கு ஆதாரம் சொல்லிக்கொண்டே வந்தவர், அது குத்ரத்தும் இராதாவும், அதாவது ஆற்றலும் நாட்டமும், சேர்ந்ததற்கு மேல் தனியாக ஒன்று என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற பக்கம் நழுவுவார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களிலிருந்து வந்து ஹனஃபி மத்ரஸாவில் ஓதுகிற மாணவர்கள் அந்த இடத்தில்தான், மூலம் ஒரு பக்கமும் விளக்கம் ஒரு பக்கமும் இழுக்கிறதே என்று என்னிடம் வந்து கேட்பார்கள். 'முஃதஸிலாக்களுக்கு மாற்றமாக' என்று கிதாபில் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் 'பஸராவா, பக்தாதா?' என்று பென்சிலால் எழுதி வையுங்கள். 'மாத்துரீதிகள்' என்று வந்தால் 'ஸமர்கந்தா, புகாராவா?' என்று எழுதுங்கள்.